பளபளப்பின் உள்ளே காரீயம்: பூச்சிட்ட பாண்டங்களைச் சோதிப்பதும் தேர்ந்தெடுப்பதும்

கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரைச் சேர்ந்த மருத்துவர்கள் 1970ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் மரணத்தைப் பற்றி எழுதினார்கள். அவன் காரீய நஞ்சால் இறந்திருந்தான். நஞ்சு எங்கிருந்து வந்தது என்று தேடியவர்கள் இறுதியில் வந்து சேர்ந்த இடம், கையால் வனைந்து பளபளப்பான பூச்சிட்ட ஒரு மண் கூஜா. அதில் ஊற்றி வைத்த ஆப்பிள் சாற்றைத்தான் குழந்தை குடித்து வந்தான். சாற்றில் இருந்த புளிப்பு, கூஜாவின் உட்பூச்சிலிருந்து காரீயத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டிருந்தது.

அம்மருத்துவர்கள் அத்துடன் நிற்கவில்லை. கடைகளில் விற்ற பூச்சிட்ட மண்பாண்டங்களையும், குயவர்களுக்கென்று விற்கப்பட்ட பூச்சுப் பொருள்களால் செய்த மாதிரிகளையும் சேர்த்து 264 பரப்புகளைச் சோதித்தார்கள். அவற்றில் ஏறத்தாழ பாதி, உணவுக்குப் பயன்படுத்தத் தகாத அளவில் காரீயத்தை வெளிவிட்டன. பாண்டங்களிலிருந்து கரையும் காரீயத்துக்குப் பல நாடுகள் பின்னர் வரம்பு வகுக்க, இத்தகைய ஆய்வுகளே தூண்டுதலாயின.

அந்தக் கூஜா பார்வைக்கு அழகாகவே இருந்திருக்கும். சாற்றின் சுவையிலும் மணத்திலும் எச்சரிக்கை எதுவும் தோன்றாது. ஆகவே பாண்டத்தைப் பற்றிய அறிவும் சோதனையுமே நமக்குத் துணை. அவ்விரண்டையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு

நம் பேச்சில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பிலும் இருக்க வேண்டியது வெள்ளீயம். பழைய மின்கலங்களிலும் சில வண்ணங்களிலும் இருப்பது காரீயம். இக்கட்டுரையில் பேசப்படும் நஞ்சு காரீயமே. வெள்ளீயத்தோடு மலிவான காரீயத்தைக் கலந்து விற்பதும் உண்டு என்பதால் ஈயச் சொம்பைப் பற்றியும் தனியே கேட்டறிவது நல்லது. ஆனால் அது வேறொரு கட்டுரைக்குரிய செய்தி.

காரீயத்தால் உடலுக்கு எந்த நன்மையும் இல்லை. குடலில் அது சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் செல்லும் வழியிலேயே உறிஞ்சப்படுகிறது. விழுங்கிய காரீயத்தில் வளர்ந்தவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், சிறு குழந்தைகள் பாதியளவுவரை உறிஞ்சக்கூடும். இரும்புச் சத்துக் குறைந்த குழந்தையிடம் இது இன்னும் கூடும். குருதியில் இருக்கும் காரீயம் சில வாரங்களில் குறையத் தொடங்கினாலும், எலும்பில் சேர்ந்தது பல்லாண்டுகள் தங்குகிறது. கருவுற்ற காலத்தில் தாயின் எலும்பிலிருந்து மீண்டும் குருதிக்கு வந்து கருவையும் அடைகிறது. உடலைவிட்டு அது வெளியேறும் முதன்மை வழி சிறுநீரகம் என்பதால், சிறுநீரக நோயாளர்களும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

பூச்சில் காரீயம் ஏன் சேர்கிறது?

பீங்கான் மீதும் சில மண்பாண்டங்கள் மீதும் காணும் வழவழப்பு, உண்மையில் ஒரு மெல்லிய கண்ணாடிப் படலம். இதைக் கடைகளில் ‘கிளேஸ்’ என்பார்கள். கண்ணாடிக்கு அடிப்படை மணலில் உள்ள சிலிக்கா. தனித்த சிலிக்கா உருகுவதற்கு 1,700 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். விறகால் எரியும் சிறிய சூளைகள் அந்த வெப்பத்தை எட்டவே முடியாது. ஆகவே உருகுநிலையைத் தாழ்த்தும் பொருள் ஒன்றைச் சேர்க்கிறார்கள். காரீய ஆக்சைடு அந்த வேலையை மிக எளிதாகச் செய்கிறது. அதைச் சேர்த்தால் 1,000 டிகிரிக்குக் குறைந்த வெப்பத்திலேயே பூச்சு உருகிப் பரவும், பளபளப்பு கூடும், வண்ணங்கள் பளிச்சிடும். மெக்சிகோ நாட்டுக் குயவர்கள் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தும் ‘கிரேட்டா’ என்ற பூச்சுப்பொடி இதுவே. அங்கு இன்றும் குழந்தைகளின் குருதியில் காரீயம் சேர்வதற்கு அவ்வகைப் பாண்டங்கள் முக்கியக் காரணமாக இருக்கின்றன.

பூச்சில் காரீயம் இருப்பதாலேயே அது உணவில் முழுவதும் கரைந்துவிடும் என்பதில்லை. கலவையில் போதிய சிலிக்கா இருந்து, சூளை போதிய வெப்பத்தில் போதிய நேரம் எரிந்தால், காரீயம் கண்ணாடியின் கட்டமைப்புக்குள் பெரும்பாலும் சிறைப்பட்டுவிடும். சூளை சரியாக எரியாவிட்டாலோ, கலவை பிசகினாலோ அது தளர்வாகத் தங்கிப் புளிப்புப் பட்டதும் கரைகிறது. பச்சை நிறத்துக்காகச் செப்பு ஆக்சைடு சேர்த்தால் இந்தக் கரைவு மேலும் பெருகும் என்பது குயவுத்தொழில் அறிந்தவர்களுக்குத் தெரிந்த செய்தி. ஒரே சூளையில் ஒரே நாளில் சுட்ட இரு கிண்ணங்களில் நெருப்புக்கு அருகே இருந்தது ஒருவாறாகவும், ஓரத்தில் இருந்தது வேறொருவாறாகவும் அமைவதும் இதனால்தான்.

கரைவைத் தூண்டுபவை மூன்று: புளிப்பு, வெப்பம், நேரம். புளிக்குழம்பு, ரசம், தக்காளித் தொக்கு, எலுமிச்சை ஊறுகாய், மோர், வினிகர் ஆகியவை புளிப்பு மிக்கவை. அவற்றைச் சூடாக ஊற்றி இரவு முழுவதும் வைத்திருந்தால் மூன்றும் ஒன்றாகக் கூடிவிடுகின்றன. அதே கிண்ணத்தில் உலர்ந்த அவலை எடுத்து உண்டு முடிப்பதில் அந்த அளவு இடர் இல்லை.

மண்பாண்டம் எல்லாம் ஒன்றல்ல

தமிழகத்தில் வழிவழியாகப் புழங்கும் மண்சட்டியும் பானையும் பெரும்பாலும் கண்ணாடிப் பூச்சு இல்லாதவை. அவற்றின் சிவப்பு, மண்ணிலும் காவியிலும் உள்ள இரும்பின் நிறம். கருஞ்சட்டியின் கறுப்பு, சூளையில் புகையை அடைத்துச் சுடுவதால் ஏறிய கரியின் நிறம். இவற்றுக்குக் காரீயப் பூச்சு தேவைப்படுவதில்லை. ‘மண்பாண்டத்தில் காரீயம்’ என்ற செய்தியைக் கேட்டு, பூசாத மண்சட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை நான்கு வகை. முதலாவது, உட்புறம் கண்ணாடிபோல் மின்னும் மண் கிண்ணங்கள், சட்டிகள், கூஜாக்கள். இரண்டாவது, சந்தையிலும் நடைபாதையிலும் விலை மலிவாகக் கிடைக்கும், தயாரித்தவர் பெயரற்ற வண்ணப் பீங்கான் கோப்பைகளும் தட்டுகளும். மூன்றாவது, அழகுக்காக விற்கப்படும் கைவினைப் பாண்டங்கள். சுற்றுலா சென்ற இடத்தில் வாங்கி வந்தவையும் இதில் சேரும். நான்காவது, பாட்டி காலத்துப் பீங்கான். பூச்சு தேய்ந்தும் விரிசலுற்றும் இருப்பதால் பழமையே இங்கு இடராகிறது. மண்சட்டியின் மேல் கடைக்காரர் மினுமினுப்புக்காகப் பெயிண்டோ வார்னிஷோ பூசியிருந்தால் அதையும் தவிர்த்துவிடலாம்.

ஊறுகாய் போட்டு வைக்கும் கனத்த வெள்ளை, பழுப்பு ஜாடிகள் பெரும்பாலும் 1,200 டிகிரி அளவில் சுடப்படுபவை. அவ்வளவு வெப்பத்தில் உருகும் பூச்சுக்குக் காரீயம் தேவையில்லை. எனினும் தோற்றத்தில் அவற்றைப் போலவே செய்த மலிவான ஜாடிகளும் உண்டு. ஊறுகாய் பல மாதங்கள் புளிப்பிலேயே கிடப்பதால், ஐயமிருந்தால் கண்ணாடிச் சாடியே நல்லது.

வீட்டில் பார்த்து அறியக்கூடியவை

பாண்டத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பெரும்பாலும் பூச்சில்லாத வளையம் ஒன்று இருக்கும். அதன் மீது ஒரு துளி நீர் விடுங்கள். துளி அப்படியே நின்றால், அது உயர் வெப்பத்தில் இறுகச் சுட்ட உடல். உடனே உறிஞ்சப்பட்டு அவ்விடம் கருத்தால், அது தாழ்ந்த வெப்பத்தில் சுட்ட மண். தாழ்ந்த வெப்பத்தில் சுட்ட மண்ணின் மேல் கண்ணாடிபோன்ற பூச்சு இருக்கிறது என்றால், அந்தப் பூச்சும் தாழ்ந்த வெப்பத்தில் உருகியதாகவே இருக்க வேண்டும். அங்கேதான் காரீயத்தைப் பற்றி ஐயம் எழுகிறது. இது ஐயம் மட்டுமே. காரீயமின்றித் தாழ்ந்த வெப்பத்தில் உருகும் பூச்சுகளும் இன்று உண்டு.

அடுத்து, வண்ணச் சித்திரத்தின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். பூக்களும் கோடுகளும் மேடாகத் தட்டுப்பட்டாலோ, சுற்றியுள்ள பரப்பைவிட மங்கலாக இருந்தாலோ, அந்த வண்ணம் பூச்சுக்கு மேலே பின்னர் ஒட்டிக் குறைந்த வெப்பத்தில் சுடப்பட்டது. அதைக் காக்கும் கண்ணாடிப் படலம் மேலே இல்லை. கம்பி நாரால் தேய்க்கத் தேய்க்க அது தேயும். தட்டின் வெளிப்புறத்திலும் அடியிலும் சித்திரம் இருந்தால் கவலை குறைவு. உணவு படும் உட்புறத்திலோ, உதடு படும் விளிம்பிலோ இருந்தால் அதைத் தவிருங்கள்.

மூன்றாவது, கழுவிக் காயவைத்த பின் பரப்பைப் பாருங்கள். வெண்மையான அல்லது சாம்பல் நிறமான தூள் படிவு தென்பட்டாலும், வலைபோல் நுண்விரிசல் இருந்தாலும், பூச்சு பெயர்ந்திருந்தாலும் அப்பாண்டத்தை உணவுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

வினிகரை ஊற்றி ஓரிரவு வைத்துப் பார்க்கும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. மறுநாள் பூச்சின் நிறம் மாறியோ மங்கியோ இருந்தால் பாண்டத்தை ஒதுக்கிவிடலாம்; அந்த வினிகரையும் உணவில் சேர்க்காமல் கொட்டிவிட வேண்டும். ஆனால் மாற்றம் எதுவும் தெரியவில்லை என்பது நற்சான்று ஆகாது. கண்ணுக்குத் தெரியாத அளவுக் காரீயமே குழந்தைக்குத் தீங்கு செய்யப் போதும்.

தேய்த்தால் சிவப்பு நிறம் காட்டும் பஞ்சுக் குச்சிச் சோதனைப் பொருள்களும் விற்கப்படுகின்றன. நிறம் மாறினால் அதைப் பொருட்படுத்துங்கள். மாறாவிட்டால் நம்பிவிடாதீர்கள், சிறிய அளவுகளை அவை தவறவிடுகின்றன, எவ்வளவு கரைகிறது என்பதையும் சொல்வதில்லை. சிவப்பு வண்ணப் பரப்பில் தேய்க்கும்போது அந்த வண்ணமே ஒட்டிக்கொண்டு ஏமாற்றுவதும் உண்டு.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். புதுச் சட்டியை நீரில் ஊறவைத்து, அரிசி கழுவிய நீரைக் கொதிக்கவைத்துப் பழக்குவது நம் வழக்கம். அது மண்ணின் நுண்துளைகளை அடைத்துச் சட்டியை உறுதியாக்கும், காரீயத்தை நீக்காது. எத்தனை முறை கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் பூச்சில் உள்ள காரீயம் தீர்ந்துபோவதில்லை.

ஆய்வகச் சோதனையும் அதன் பொருளும்

உறுதியாகச் சொல்லக்கூடியது ஆய்வகச் சோதனை ஒன்றே. அதில் இரண்டு வகை உண்டு. கதிரை வீசிப் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி, பூச்சுக்குள் எவ்வளவு காரீயம் இருக்கிறது என்பதைச் சில நொடிகளில் சொல்லும், பாண்டத்துக்குச் சேதமில்லை. உணவில் எவ்வளவு கரையும் என்பதை அது சொல்லாது. கரைவுச் சோதனைதான் அதைச் சொல்லும். பாண்டத்தில் 4 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தை, அதாவது ஏறத்தாழ வினிகர் அளவுப் புளிப்புள்ள திரவத்தை, விளிம்புவரை நிரப்பி அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வைப்பார்கள். பின்னர் அத்திரவத்தில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் காரீயம் இருக்கிறது என்று அளப்பார்கள். இந்தியாவில் இதற்கான தர வரையறை ஐஎஸ் 9806. என்ஏபிஎல் ஏற்பு பெற்ற ஆய்வகத்தில் ‘கரையும் காரீயம்’ என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

வரும் அறிக்கையை எப்படிப் படிப்பது? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பூச்சிட்ட ஒரு மண் கிண்ணத்தின் அறிக்கையில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் என்று இருப்பதாகக் கொள்வோம். சிறு கிண்ணங்களுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நடவடிக்கைக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். கிண்ணம் அதைப்போல் மூன்று மடங்கு, ஆகவே தேறவில்லை.

இது குழந்தைக்கு என்ன பொருள் தரும்? அந்தக் கிண்ணத்தில் இரவு முழுவதும் இருந்த ரசத்தில் 100 மில்லிலிட்டரைக் குழந்தை உண்டால், மிக மோசமான நிலையில் அதனுள் போவது 0.6 மில்லிகிராம், அதாவது 600 மைக்ரோகிராம். ரசம் அமிலத்தைவிட மென்மையானது என்று வைத்து, நூற்றில் ஒரு பங்குதான் கரைந்தது என்றாலும் 6 மைக்ரோகிராம் ஆகிறது. உணவின் வழியே குழந்தைக்கு நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் போகக்கூடாது என்பது அதே நிர்வாகம் வைத்திருக்கும் அளவுகோல். ஆக, ஒரு வேளை ரசத்திலேயே அந்த அளவு கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடுகிறது.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குச் சற்றே குறைவாகத் ‘தேறிய’ கிண்ணத்தில்கூட நாள்தோறும் புளிப்பைத் தேக்கி வைப்பது குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றதல்ல. குடிநீரில் அனுமதிக்கப்படும் காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே என்பதை நினைவில் கொண்டால் இது விளங்கும். ஆகவே அறிக்கையில் ‘தேறியது’ என்ற சொல்லோடு நிற்காமல் எண்ணையும் கேளுங்கள். ‘கண்டறியும் அளவுக்குக் கீழ்’ என்று வந்தால் மட்டுமே மனநிறைவு கொள்ளலாம்.

சோதித்த கிண்ணத்தைப் பற்றித்தான் அறிக்கை பேசுகிறது என்பதும் நினைவிருக்கட்டும். அதே கடையில் அடுத்த மாதம் வாங்கும் கிண்ணத்துக்கு அது பொருந்தாமல் போகலாம். ‘காரீயமற்றது’ என்ற ஒட்டுச்சீட்டும் முழு உறுதி தருவதில்லை. முன்பு காரீயப் பூச்சுச் சுட்ட அதே சூளையில் சுட்டால், காரீயமில்லாத பூச்சிலும் அது படிந்துவிடுகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஐயமுள்ள ஒவ்வொரு கோப்பையையும் சோதிக்கச் செலவிடுவதைவிட மாற்றிவிடுவது எளிது. புளிப்பானவற்றைச் சமைக்கவும் எடுத்து வைக்கவும் எவர்சில்வரும், சித்திரமற்ற கண்ணாடிப் பாத்திரமும் போதும். மண்சட்டிச் சமையல் வேண்டுவோர், பூச்சும் வண்ணமும் இல்லாத சட்டியைக் குயவரிடமே நேரில் கேட்டு வாங்கலாம். “மேலே என்ன பூசுகிறீர்கள்?” என்ற ஒரு கேள்வி போதும். பீங்கான் தட்டு வாங்கினால், தயாரிப்பாளர் பெயர் உள்ள, உட்புறம் வெண்மையாகவும் வெறுமையாகவும் இருக்கும் தட்டைத் தேர்ந்தெடுங்கள். பளிச்சென்ற சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் உட்பூச்சுகளில் காட்மியம் என்ற மற்றொரு நச்சு உலோகமும் இருக்கக்கூடும்.

ஒதுக்கிய பாண்டத்தை உடைத்துத் தூளாக்க வேண்டாம். பிறர் சமையலுக்கு எடுத்துச் செல்லும்படி கொடுக்கவும் வேண்டாம். குழந்தைக்கு எட்டாத இடத்தில் அலங்காரப் பொருளாக வைக்கலாம்.

ஏற்கெனவே பயன்படுத்தி வந்திருந்தால்

முதலில் பாண்டத்தை நிறுத்துங்கள். வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையோ, கருவுற்றவரோ, பாலூட்டும் தாயோ, சிறுநீரக நோயாளரோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லிக் குருதியில் காரீய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். காரணம் புலப்படாத வயிற்று வலி, மலச்சிக்கல், சோகை, குழந்தையின் எரிச்சல் குணம், கற்றலில் பின்னடைவு ஆகியவை காரீயத்தாலும் வரலாம். பெரும்பாலும் அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம். விரல் நுனியில் எடுத்த குருதியில் அளவு கூடுதலாக வந்தால், தோலில் ஒட்டிய தூசும் காரணமாக இருக்கக்கூடும் என்பதால், நரம்பிலிருந்து எடுத்த குருதியில் மீண்டும் பார்ப்பார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, குருதியில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் காரீயம் வரும் வழியைக் கண்டறிந்து அகற்ற வேண்டும். குழந்தைகளுக்கு அது 45 மைக்ரோகிராமை எட்டும்போது காரீயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் பரிந்துரைக்கப்படுகின்றன. அவற்றை மருத்துவரின்றித் தாமாக உட்கொள்ளக் கூடாது. பாண்டம் வீட்டிலேயே இருக்க, மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை.

மருத்துவரைப் பார்க்க வரும்போது ஐயமுள்ள பாண்டத்தையோ அதன் ஒளிப்படத்தையோ எடுத்து வாருங்கள். எதைச் சமைத்தீர்கள், எவ்வளவு நேரம் அதில் வைத்தீர்கள், எத்தனை மாதங்களாகப் பயன்படுத்துகிறீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்து வாருங்கள். கண்மை, உரிந்த பழைய பெயிண்ட், ஈயச் சொம்பு, நாட்டு மருந்து ஆகியவை வீட்டில் உண்டா என்றும் கேட்பார்கள். காரீயம் ஒரு வழியாக மட்டும் வருவதில்லை. குழந்தையின் உணவில் இரும்பும் சுண்ணாம்பும் குறையாமல் பார்த்துக்கொள்வது, உடலுக்குள் செல்லும் காரீயத்தின் உறிஞ்சலைக் குறைக்கும். முதல் சோதனையில் அளவு கூடுதலாக இருந்தால், பாண்டத்தை அகற்றிய பின் மருத்துவர் குறிக்கும் நாளில் மறுசோதனைக்குத் தவறாமல் வாருங்கள். அளவு இறங்கியிருந்தால் உண்மையான வழி அடைபட்டது என்று பொருள். இறங்காவிட்டால் வேறொரு வழி இன்னும் திறந்திருக்கிறது, அதைத் தேட வேண்டும்.